தள்ளிய கை

யார் எதைச் சொன்னாலும் "சரி, காரணம் என்ன?" என்று கேட்டுவிடுவது அவள் வழக்கம். அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் காரண டீச்சர். வீட்டுப்பாடம் எழுதாத பையன் வயிற்றுவலி என்றால் வயிற்றுவலிக்குக் காரணம் கேட்பாள். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் புருஷனே முந்திக்கொண்டு, "காரணம், நான் கவனிக்கல" என்று வாக்குமூலம் கொடுத்துவிடுவார். வரலாற்று டீச்சர் வீட்டில் குடித்தனம் நடத்துவது அப்படித்தான், வேறென்ன செய்வது.

பதினோராம் வகுப்புக்கு வருஷம் ஒரு கட்டுரை உண்டு. ஒரு தீவின் கரும்புக் காடுகளுக்கு ஜனங்கள் கடல் கடந்து போன பெரிய இடப்பெயர்வைப் பற்றிய கட்டுரை. மொத்தம் இருபது மதிப்பெண். அது பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு சேரும் என்பதால் யாரும் அதை லேசாக நினைப்பதில்லை. அந்தப் பாடத்தை நடத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு பையனை எழுப்பி பெஞ்சைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்வாள். இன்னொருவனை முன்னாலிருந்து இழுக்கச் சொல்வாள். பெஞ்சு கிறீச்சிட்டு நகரும். "பார்த்துக்கோங்க. சொந்த ஊர்ல இருக்க முடியாம பண்றது தள்ளும் காரணி. போற ஊர்ல வா வான்னு கூப்பிடறது இழுக்கும் காரணி. ரெண்டும் சேர்ந்தாதான் ஜனங்க கப்பல் ஏறுவாங்க" என்பாள். கரும்பலகையில் நடுவே கோடு போட்டு இடது பக்கம் தள்ளியவை, வலது பக்கம் இழுத்தவை என்று நிரப்புவாள். படித்து முடித்து வேலைக்குப் போன பிள்ளைகள்கூட தெருவில் பார்த்தால் அந்தப் பெஞ்சைத்தான் ஞாபகப்படுத்துவார்கள்.

இதோடு அவளிடம் ஒரு மாதிரிக் கட்டுரையும் உண்டு. பள்ளி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் அதற்குத் தங்க விடை என்றே பெயர் வைத்திருந்தார். வருஷா வருஷம் நகல் எடுத்து எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போயிருக்கும். அதைப் படித்தவனுக்குப் பதினாறுக்குக் குறையாது. பக்கத்துப் பள்ளி டீச்சர்கள்கூட நைசாக ஒரு நகல் கேட்டு வாங்கிப்போவார்கள். கொடுக்கும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், அதை அவள் மறைக்கவும் மாட்டாள்.

அந்த வகுப்பில் ஆமை என்று ஒரு பெண். பெயர் வகுப்பு வைத்தது. எழுத்து மெதுவு, பேச்சு மெதுவு. ஒரு பக்கத்தைப் படிக்க மற்றவர்கள் மூன்று பக்கம் படிக்கும் நேரம் எடுத்துக்கொள்வாள். மணி அடித்த பிறகும் அவள் பேனா மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும். காரண டீச்சரும் ஒருநாள் வாய்தவறி "ஆமை, தாளைக் கொடு" என்று சொல்லிவிட்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அப்புறம் வாய்தவறாமலே சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பெண் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதனால் அவளுக்கு அது வலிக்கவில்லை என்று டீச்சர் தன் வசதிக்கு முடிவுகட்டிக்கொண்டாள்.

கட்டுரைத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தினாள். எல்லாம் பழகின பாதை. தள்ளியவற்றில் முதலாவது பெரும் பஞ்சம். அடுத்து நிலவரி, தறி நின்றுபோனது, பண்ணையாரிடம் அடிமைப்பட்டுக் கிடந்தது. இழுத்தவற்றில் தீவில் அடிமைகள் விடுதலையானதும் கரும்புக் காட்டுக்கு ஆள் இல்லாமல் போனது, ஒப்பந்தக் கூலி, ஊர் ஊராக வந்து ஆசை காட்டிய ஆள்பிடிப்பவர்கள். எது வலுவானது என்ற கடைசிக் கேள்விக்கு எல்லாரும் ஒரே குரலில் பஞ்சம் என்று எழுதியிருந்தார்கள். பதினாறு, பதினேழு, பதினாறு என்று போட்டுக்கொண்டே வந்தாள். நடுவே பாதியை மறந்துவிட்ட ஒரு பையனுக்கு மட்டும் ஒன்பது.

ஆமையின் தாளில் பஞ்சமே முதலில் இல்லை. கடைசியில் ஒரு மூலையில், அது காரணமாக இருக்க முடியாது என்று வேறு எழுதியிருந்தாள். டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வருஷமாகத் தொண்டை வறளக் கத்தியதெல்லாம் வீணா? 'முக்கியக் காரணத்தையே விட்டுவிட்டாய்' என்று ஓரத்தில் சிவப்பு மையால் அழுத்தி எழுதி ஆறு மதிப்பெண் போட்டாள். எட்டு எடுத்தால்தான் தேர்ச்சி.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் அந்தத் தாளை வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசித்தாள், எப்படி எழுதக்கூடாது என்று காட்டுவதற்கு. அந்தப் பெண் மெல்ல எழுந்தாள்.

"டீச்சர், அட்டவணையில கப்பல் முன்னாடியே போயிருச்சே."

"ஆமாம்மா, கப்பல் போயிருச்சு. கூடவே உன் மார்க்கும் போயிருச்சு."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். சமயத்துக்கு வாயில் வந்த வசனம் என்று அன்று முழுக்க அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. ஓய்வறையில் மற்ற டீச்சர்களிடமும் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். ஆமையின் அம்மா துணி தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தவள். புருஷன் இல்லை. கையில் சூட்டுத் தழும்புகளோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். டீச்சர் மதிப்பெண்ணைக் காட்டினாள். இந்தாம்மா, சும்மா சொல்லி உங்களை ஏமாத்த விரும்பலை, இவளுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது கைவேலை பாருங்கள் என்று சொன்னாள். உள்ளதை உள்ளபடி சொல்வது பெரிய உபகாரம் என்று அவள் நினைப்பு. அம்மா ரொம்ப நேரம் அந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "என் தங்கச்சியும் உங்ககிட்டதான் படிச்சா டீச்சர்" என்றாள். எந்தத் தங்கச்சி, எந்த வருஷம், டீச்சருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டாள்.

இதெல்லாம் முன்கதை. வினை வந்தது மேல்மதிப்பீட்டின்போது. ஒரு பள்ளியில் போட்ட மதிப்பெண் சரிதானா என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு அதிகாரி வருவார். மாடரேட்டர் என்பார்கள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று தாள்களை எடுத்துப் படித்துப் பார்ப்பார். கீழ் மதிப்பெண் தாளுக்கு மட்டும் ஏன் குறைத்தோம் என்று டீச்சர் எழுதித் தரவேண்டும். கீழ் மதிப்பெண் ஆமையுடையதுதான். அவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஓய்வறையில் யாரும் இல்லாதபோது, காரண டீச்சர் காரணம் எழுத உட்கார்ந்தாள்.

'கொடுக்கப்பட்ட ஆதாரத்தைப் பயன்படுத்தவில்லை' என்று எழுதலாம் என்று தோன்றியது. எந்த ஆதாரம் என்று குறிப்பிடவேண்டுமே. வினாத்தாளை எடுத்தாள். அதில் வருஷவாரியாகத் தீவில் வந்து இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு அட்டவணை. அவள் அந்த அட்டவணையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் நம்புவீர்களா? கேள்வித்தாள் மேலிடத்திலிருந்து வந்தது. அவள் கேள்வியை மட்டும் படித்துவிட்டு, அட, நம்ம கேள்விதான் என்று வைத்துவிட்டாள்.

விரலை வரிசையாக ஓட்டினாள். கூட்டம் ஏறுகிறது, ஏறுகிறது, உச்சிக்குப் போகிறது, பிறகு இறங்குகிறது. பஞ்சம் எந்த வருஷம்? பாடப்புத்தகத்தில் பார்த்தாள். விரல் அப்படியே நின்றது. கப்பல்கள் நிரம்பி வழிந்து பதினெட்டு வருஷம் கழித்துத்தான் பெரும் பஞ்சமே வந்திருக்கிறது. பஞ்ச வருஷங்களில் அந்தத் தீவுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பிள்ளை பிறந்து பதினெட்டு வருஷம் கழித்து அம்மாவுக்குக் கல்யாணம் நடந்த கதை. இதை முப்பது பிள்ளைகள் எழுதி, அவள் முப்பது பேருக்கும் சரி போட்டிருக்கிறாள்.

எப்படி என்று யோசிக்கவும் அவசியம் இருக்கவில்லை. அவளுக்கே தெரியும். அந்தத் தங்க விடையை அவள் எழுதியது வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலைத்தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றி. கடல் கடந்து பக்கத்திலேயே இருந்த மலைகள். அங்கே பஞ்ச காலத்தில்தான் ஜனங்கள் சாரிசாரியாகப் போனார்கள். அந்தக் கட்டுரைக்குப் பஞ்சம் சரிதான். பிறகு பாடத்திட்டம் மாறியது. மலைத்தோட்டம் போய்க் கரும்புத் தீவு வந்தது. அவள் என்ன செய்தாள்? மலை என்ற இடத்தில் தீவு என்றும், காப்பி என்ற இடத்தில் கரும்பு என்றும் மாற்றினாள். மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டாள். பிள்ளைகள் ஈயடிச்சான் காப்பி அடித்தால் காதைத் திருகுகிறவள், தன் கட்டுரையையே ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறாள். பத்து வருஷமாக.

ஆமையின் தாளை எடுத்துப் படித்தாள். இந்தத் தடவை முழுசாகப் படித்தாள்.

நிலவரி, நின்றுபோன தறிகள், அடிக்கடி பொய்த்த மழை, பண்ணையில் தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்கள், எல்லாம் இருந்தன. முன்னே போய்த் திரும்பி வந்தவர்கள் சொந்தக்காரர்களை அழைத்துப்போனதும் இருந்தது. அது தங்க விடையில் இல்லாத விஷயம். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'பஞ்சம்தான் காரணம் என்றால் பஞ்ச வருஷங்களில் இந்தத் தீவுக்கு நிறையப் பேர் போயிருக்கவேண்டும். போகவில்லை. அப்போது அங்கே அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை. அதனால் தள்ளினால் மட்டும் போதாது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை கூப்பிடவும் வேண்டும் என்று நினைக்கிறேன்.' பக்கத்தில் அவளுடைய சிவப்பு மை. முக்கியக் காரணத்தையே விட்டுவிட்டாய்.

வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. காது இரண்டும் சுட்டது. ஓய்வறையில் யாரும் இல்லை, ஆனாலும் யாரோ பார்ப்பதுபோல் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

நல்லவள் என்றால் அங்கிருந்து நேரே தலைமை ஆசிரியையிடம் போயிருப்பாள். அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். வெள்ளை மைப் புட்டியை எடுத்தாள். ஓரத்தில் இருந்த சிவப்பு வரியை மூடினாள். ஆறைப் பத்தாக்கினாள். இப்போது இந்தப் பெண்ணுக்குத் தேர்ச்சி, கீழ் மதிப்பெண்ணும் வேறொரு பையனுடையதாகிவிட்டது, இந்தத் தாள் மாடரேட்டர் கண்ணில் படாது. எல்லாருக்கும் நல்லதுதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பதினெட்டு போட வேண்டிய தாளுக்குப் பத்துப் போட்டதில் என்ன நல்லது என்று கேட்க அங்கே ஆளில்லை.

வீட்டில் சாப்பிடும்போது புருஷனிடம், யாரோ ஒரு டீச்சர் பாடத்தைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டாளாம் என்று பேச்சை ஆரம்பித்தாள். உதிரிபாகக் கடையில் கணக்குப் பார்க்கிறவர், மனுஷர் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"ஒத்துக்கிட்டா தலையா போயிரும்? ஆனா அந்த டீச்சர் ஒத்துக்கமாட்டாங்க. அவங்களை எனக்குத் தெரியும்."

அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் மாடரேட்டர் வந்தார். ஜலதோஷக்காரர். மூக்கைத் துடைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். நூலகத்தில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருந்தார்கள். எதிரில் தலைமை ஆசிரியை, பக்கத்தில் காரண டீச்சர். மேல் தாளைப் படித்தார். நடுத் தாளைப் படித்தார். கீழ்த் தாளையும் படித்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே இடத்தில் விரல் வைத்தார். ஆக, தங்க விடையின் ஓட்டை ஜலதோஷக்காரர் கண்ணில் கால்மணி நேரத்தில் பட்டுவிட்டது.

"டீச்சர், மூணு பேரும் பஞ்சத்தைத்தான் முதல் காரணம்னு எழுதியிருக்காங்க. வாக்கியம்கூட ஒண்ணு. இவங்களுக்கு இது எங்கேருந்து கிடைச்சது?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் இருந்தது அவளுக்கு. தலைமை ஆசிரியை அவளையே பார்த்தாள். இத்தனை வருஷப் பேரும் புகழும் கண்முன்னால் நின்றன. வாய் தானாகத் திறந்தது.

"வெளியில விக்கிற கைடு ஏதோ சார். சொல்லச் சொல்லக் கேக்காம மனப்பாடம் பண்ணிட்டாங்க."

சொல்லி முடித்த அந்த நொடியிலேயே அதை விழுங்கிவிடலாமா என்று தோன்றியது. சொன்ன சொல்லை விழுங்க முடிந்தால் உலகத்தில் பாதித் துன்பம் இருக்காது. மாடரேட்டர் பெருமூச்சு விட்டார். அப்படியென்றால் இது பிள்ளைகளின் சொந்த எழுத்தில்லை, ஆதாரத்தைப் பார்க்காமல் காப்பியடித்திருக்கிறார்கள், மொத்த வகுப்பின் கட்டுரையையும் ரத்து செய்யச் சொல்லித்தான் எழுதவேண்டியிருக்கும் என்றார். தலைமை ஆசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. தன் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன ஒரு பொய்யில் முப்பது பிள்ளைகளின் தலையில் திருட்டுப் பட்டம் கட்டிவிட்டாள் காரண டீச்சர். அப்போதும் வாய் திறக்கவில்லை.

காப்பியடிக்காதவர் யாராவது இருக்கிறார்களா பார்க்கலாம் என்று மாடரேட்டர் மொத்தக் கட்டையும் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தாளில் உதடு அசைவது நின்றது. முதலிலிருந்து மறுபடி படித்தார். ஓரத்தில் இருந்த வெள்ளை மையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னார்.

ஆமை வந்தாள். அவள் வேகத்தில்தான் வந்தாள். கதவருகே நின்று எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள்.

"எல்லாரும் பஞ்சம்னு எழுதியிருக்காங்க. நீ மட்டும் ஏன்மா எழுதலை?"

"அட்டவணையைப் பார்த்தேன் சார். கப்பல் முன்னாடி போயிருக்கு, பஞ்சம் பின்னாடி வந்திருக்கு."

"இப்படிப் பார்க்கணும்னு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

அந்தப் பெண் யோசித்தாள். அவள் எதற்கும் யோசிப்பாள். காரண டீச்சர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லப்போகிறாள், தன்னை வகுப்பில் நிறுத்திச் சிரித்ததைச் சொல்லப்போகிறாள், சொல்லட்டும், சொல்வது நியாயம்தான் என்று நினைத்தாள்.

"டீச்சர்தான் சார். முதல் நாள் வகுப்புலயே சொன்னாங்க. முதல்ல ஆதாரத்தைப் படி, அப்புறம் என் பேச்சைக் கேளுன்னு."

குத்தலாக அவள் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குக் குத்தலாகப் பேசவே தெரியாது. வருஷா வருஷம் முதல் நாள் டீச்சர் அப்படிச் சொல்வது உண்மைதான், அழகாகச் சொல்வாள். முப்பத்தொரு பேரில் ஒருத்தி அதை நம்பியிருக்கிறாள். அவளைத்தான் சிரித்து உட்காரவைத்தாள்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"கைடு இல்லை சார். நான் கொடுத்த கட்டுரை. தப்பு என்னுது. பிள்ளைங்க என்னை நம்பி எழுதினாங்க. இவளுக்கு ஆறு போட்டதும் நான்தான், நேத்து அதை அழிச்சதும் நான்தான்."

தலைமை ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாடரேட்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மூக்கைத் துடைத்துக்கொண்டு செய்யவேண்டியதைச் சொன்னார். பஞ்சத்தைப் பற்றி எழுதிய பத்திக்கும் அதை வைத்து எழுதிய முடிவுக்கும் மதிப்பெண் கிடையாது, மற்ற காரணங்கள் சரியாக இருந்தால் அவற்றுக்கு உண்டு. ஆகவே வகுப்பு முழுக்க நாலைந்து மதிப்பெண் இறங்கும், யாருடைய கட்டுரையும் ரத்தாகாது. டீச்சரைப் பற்றித் தனியாக அறிக்கை எழுதுவார். ஆமையின் தாளில் பத்தை அடித்துப் பதினெட்டு என்று எழுதி, அந்தப் பெண்ணிடமே காட்டினார்.

அவள் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "தேங்க்ஸ் சார்" என்றாள். வெளியே போகும்போது டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா என்று டீச்சர் தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

வகுப்பிலும் சொன்னாள். அது இன்னொரு சித்திரவதை. அதே கரும்பலகை, அதே கோடு, அதே பெஞ்சு. நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன், உங்கள் மார்க் குறைவதற்கு நான்தான் காரணம் என்றாள். பிள்ளைகள் நம்ப முடியாமல் முழித்தார்கள். ஒரு பெண் அழுதாள். பின் பெஞ்சில் யாரோ, கப்பல் போயிருச்சு என்று முணுமுணுத்தார்கள், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவளுடைய வசனம்தான். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். ஆமையிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்பும் கேட்டாள். இனி அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது, நான் உட்பட என்றாள்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"டீச்சர், இதை எங்க அம்மாகிட்ட வந்து சொல்றீங்களா?"

"கண்டிப்பா சொல்றேன்மா. என்ன அவசரம், நாளைக்கு..."

"இன்னிக்கே சொல்லணும் டீச்சர். அம்மா என்னைச் சித்திகிட்ட அனுப்பறாங்க."

பெற்றோர் கூட்டம் முடிந்த அன்றே அம்மா கடல் தாண்டி இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாளாம். தங்கை வேலை பார்க்கும் துணித் தொழிற்சாலையில் இடம் இருக்கிறதாம். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அடுத்த வாரம் பரீட்சை முடிந்ததும் விமானம். இதை அவள் வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

துணி தேய்க்கும் கடை ஒரு வீட்டின் முன்பக்க அறை. மேஜைமேல் கனமான இஸ்திரிப் பெட்டி, கயிற்றில் வரிசையாகச் சட்டைகள், பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் குடித்தனம். அம்மா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பதினெட்டையும் சொன்னாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். அவளுக்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

பழக்கதோஷம் யாரை விட்டது? டீச்சர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"இவ்வளவு சின்னப் பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்பறதுக்குக் காரணம் என்னம்மா? கஷ்டமா?"

"கஷ்டம் எப்பவும் இருக்கறதுதானே டீச்சர். கஷ்டத்துக்காக அனுப்பறதா இருந்தா இவ அப்பா போய்ச் சேர்ந்த வருஷமே அனுப்பியிருப்பேன். தங்கச்சியும் ரெண்டு வருஷமா கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கா. நான் அசையலை. நீங்க அன்னிக்குச் சொன்னீங்க. அப்புறம்தான் முடிவு பண்ணேன்."

கோடு போட்ட கரும்பலகை டீச்சரின் கண்முன்னால் வந்தது. வலது பக்கம் கூப்பிடும் கை, தொழிற்சாலை, முன்னாலேயே போன சொந்தம். எல்லாம் ரெண்டு வருஷமாக இருந்திருக்கிறது, பெஞ்சு நகரவில்லை. இடது பக்கம் வறுமை, அதுவும் இருந்திருக்கிறது, அப்போதும் நகரவில்லை. பின்னாலிருந்து வந்து தள்ளியது அவள்.

இவளை அனுப்பவேண்டாம் என்று கெஞ்சினாள். நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன் என்றாள். அம்மா மகளைப் பார்த்தாள். மகள் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அனுப்பவில்லை என்றால் தங்கச்சியிடம் என்ன சொல்வேன், அவள் கையைக் காலைப் பிடித்து வேலை வாங்கி வைத்திருக்கிறாள் என்று அம்மா இழுத்தாள். பிறகு மேஜையில் கிடந்த போனை எடுத்து எண்ணை அழுத்தி டீச்சர் கையில் கொடுத்தாள். "நீங்களே சொல்லிடுங்க. அன்னிக்கும் நீங்கதானே சொன்னீங்க."

அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சல். நடுவே ஒரு பெண்குரல் அக்கா என்றது. டீச்சர் தான் யார் என்று சொன்னாள். உங்கள் அக்கா மகளைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டேன், அவள் நன்றாகப் படிப்பாள், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை, தயவுசெய்து அவளைக் கூப்பிடாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். இரைச்சல் குறைந்தது. கையில் போனோடு தங்கை எங்கோ தள்ளி வந்திருக்கவேண்டும்.

"டீச்சர், என் குரல் தெரியலையா?"

தெரியவில்லை. டீச்சர் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சுவரில் ஏதாவது போட்டோ இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஜன்னலோரம் மூணாவது பெஞ்சு டீச்சர். தள்ளறதுக்கு ஒருத்தன், இழுக்கறதுக்கு ஒருத்தன்னு விடுவீங்களே, அந்தப் பெஞ்சு. எங்கப்பாவைக் கூப்பிட்டு நீங்க சொன்னீங்க, எனக்குப் படிப்பு ஏறாதுன்னு. இதே வார்த்தை."

என்ன சொல்வது? மன்னிப்பு என்ற சொல் ஏற்கனவே இன்று இரண்டு இடத்தில் செலவாகிவிட்டது. அது இங்கே எந்த மூலைக்கு? இன்னும் எத்தனை பேரிடம் படிப்பு ஏறாது என்று சொல்லியிருக்கிறாள், அவர்களெல்லாம் எந்தெந்தக் கரையில் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதீங்க டீச்சர்" என்றது குரல். "எனக்கு இங்க ஒண்ணும் குறையில்லை. அவ படிக்கட்டும். அக்காகிட்ட கொடுங்க, நான் சொல்லிக்கறேன். சீக்கிரம், எனக்குச் சூப்பர்வைசர் திட்டுவான்."

டீச்சர் போனை அக்காவிடம் கொடுத்தாள். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண் திரையை விட்டுவிட்டு வந்து, அன்றைக்குத் தேய்த்த சட்டைகளை மெதுவாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்து அம்மா போனை வைத்ததும், டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க தங்கச்சி பேர் என்னம்மா?"